உப்புத் தண்ணீர் என்ற தேடுசொல்: வட சென்னை மாடித்தோட்டச் சேனல் ஒன்றின் அறிமுகப் பகுதி, ஒரு நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் குடியிருந்துகொண்டு, தையல் வேலை பார்த்துக்கொண்டே மொட்டை மாடியில் காய்கறி வளர்க்கும் ஓர் அக்கா, யூடியூபில் வீட்டுத் தோட்டம் பற்றிச் சேனல் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தபோது என்னைத் தேடி வந்தார். பெரம்பூரில் சிறு சேனல்களுக்கு வீடியோ எடிட்டிங்கும் அதைச் சார்ந்த எழுத்து வேலையும் செய்து வருகிறேன். அக்காவிடம் அப்போது 31 வீடியோக்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை நல்ல வீடியோக்கள். கை நடுங்காமல், வெளிச்சம் சரியாக விழும் காலை நேரத்தில் எடுத்தவை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, வீடியோ பாக்குறவங்க சேனலுக்குள்ள வராங்க, ஆனா சப்ஸ்கிரைப் பண்ணாம போயிடறாங்க. அந்த அபவுட்டுல எழுதியிருக்கறது சரியா இருக்கான்னு பாத்து சொல்லு."

அந்த அறிமுகப் பகுதியைப் பிரித்துப் பார்த்து, மூன்று முறை மாற்றி எழுதி, நடுவில் ஒரு தவறும் செய்து, அதைத் திருத்திய வரலாறுதான் இந்த ஆய்வு. சேனலின் பெயரை அவர் கேட்டுக்கொண்டபடி இங்கே குறிப்பிடவில்லை.

முதலில் இருந்த எழுத்து

அக்காவின் அறிமுகப் பகுதியை அவர் எழுதவில்லை. தேடுசொல் வேலை செய்து தருவதாகச் சொன்ன ஒருவர், பணம் வாங்கிக்கொண்டு ஓர் ஆங்கிலப் பட்டியலை ஒட்டிக் கொடுத்திருந்தார். முதல் வரி Welcome to my channel என்று இருந்தது. அதன் கீழே அவருடைய கைபேசி எண்ணும், தெருப் பெயரோடு முகவரியும் இருந்தன. அதற்கும் கீழே gardening, home garden, organic farming, agriculture, hydroponics, bonsai, cooking, vlog என்று கமா போட்ட சொற்கள் வரிசையாக ஓடின. பட்டியலின் கடைசியில், லட்சக்கணக்கானோர் பார்க்கும் வேறு இரண்டு தோட்டச் சேனல்களின் பெயர்களும் இருந்தன. அந்தச் சேனல்களைத் தேடுபவர்கள் இவருடைய சேனலுக்கு வந்து சேருவார்கள் என்று அந்த மனிதர் விளக்கியிருந்தாராம்.

அந்தப் பட்டியலில் இரண்டு வகைத் தீங்கு இருந்தது. ஒன்று விதி சார்ந்தது. விவரப் பகுதியில் தேடுசொற்களை அளவுக்கு மீறிக் கொட்டுவதையும், சேனலுக்குத் தொடர்பில்லாத சொற்களை வைத்துப் பார்வையாளரைத் திசை திருப்புவதையும் யூடியூப் தன் ஸ்பேம் கொள்கையின் கீழ் கொண்டு வந்திருக்கிறது. பிறர் சேனலின் பெயரை அப்படிப் பயன்படுத்துவது எந்த நாளிலும் வம்பை இழுத்துவரக்கூடியது. மற்றொன்று, எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றியது. போன்சாய் என்று பட்டியலில் இருக்கிறது. ஆனால் போன்சாய் பற்றி ஒரு வீடியோகூட இல்லை. ஹைட்ரோபோனிக்ஸ் என்று இருக்கிறது. அக்காவுக்கு அந்தச் சொல்லின் பொருளே தெரியாது. அறிமுகத்தைப் படித்துவிட்டு வீடியோப் பட்டியலைக் கண்ணால் ஓட்டும் ஒருவர், சொன்னது இங்கே இல்லை என்பதை நொடியில் கண்டுகொள்வார்.

கைபேசி எண்ணையும் தெருப் பெயரையும் அன்றைக்கே நீக்கச் சொன்னேன். இரவு பதினொரு மணிக்கு அறிமுகமில்லாதவர்கள் அழைப்பதாக அவரே சொல்லியிருந்தார். தொடர்பு கொள்ள விரும்புபவர்களுக்காக, சேனலை நிர்வகிக்கும் யூடியூப் ஸ்டுடியோவில் Contact info என்று தனி இடம் இருக்கிறது. சேனலுக்கென்று தனியாகத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரியை அங்கே போட்டோம். பகுதியின் பெயர் மட்டும் அறிமுகத்தில் இருந்தால் போதும். ஒரு பெண் தனியாக மொட்டை மாடியில் நின்று வீடியோ எடுக்கும் சேனலில் இதைத் தள்ளிப்போடக்கூடாது.

இந்தப் பகுதி எதைச் செய்யும், எதைச் செய்யாது

அக்காவுக்கு இதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அறிமுகப் பகுதியில் சொற்களை நிரப்பினால் வீடியோக்கள் தேடலில் மேலே வரும் என்று அவர் நம்பியிருந்தார். ஒரு வீடியோ தேடலில் வருவதற்கு அந்த வீடியோவின் தலைப்பும், விவரமும், உள்ளே பேசப்படுவதும், பார்ப்பவர்கள் எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்பதும்தான் பெரிதும் காரணம். சேனலின் அறிமுகப் பகுதி வேறு வேலை செய்கிறது. ஒருவர் சேனலையே தேடும்போது, பெயருக்குக் கீழே இந்த எழுத்தின் தொடக்கத் துண்டு தெரியும். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுச் சேனல் பக்கத்திற்கு வருபவருக்கு, பெயருக்கு அடியில் முதல் வரியின் ஒரு பகுதி மட்டும் தெரியும். மீதியைப் படிக்க அவர் அதைத் தொட வேண்டும். முன்பு அபவுட் என்று தனியாக ஒரு தாவல் இருந்தது. இப்போது அது அப்படித் தொட்டால் திறக்கும் பெட்டியாகிவிட்டது. எனவே தொடாமலே தெரியும் அந்த அரை வரிதான் அறிமுகப் பகுதியில் அதிகம் பேரால் படிக்கப்படுவது. அக்காவின் சேனலில் அந்த அரை வரியை Welcome to my channel என்ற வணக்கம் தின்றுவிட்டது.

இடமும் குறைவு. மொத்தம் 1000 எழுத்துக்குறிகள்தான் அனுமதி. தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தைக் கணினி எண்ணுவதில்லை. உயிர்மெய்யின் கொம்பு, கால், சுழி, புள்ளி ஒவ்வொன்றையும் தனியே எண்ணுகிறது. மாடித்தோட்டம் என்ற சொல்லில் நமக்கு ஏழு எழுத்துகள்; எண்ணிக்கையில் அது 13. மா இரண்டு, டி இரண்டு, த் இரண்டு, தோ இரண்டு, ட் இரண்டு, ட ஒன்று, ம் இரண்டு. எனவே தமிழில் எழுதினால் ஏறக்குறைய நூறு சொற்களில் இடம் முடிந்துவிடும். இவ்வளவு சிறிய இடத்தில் பயன்படாத ஒரு சொல், பயன்படும் ஒரு சொல்லை வெளியே தள்ளிவிடுகிறது.

சொற்களைச் சேகரித்த விதம்

பிரௌசரின் இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, கணக்கில் நுழையாமல் யூடியூப் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்யத் தொடங்கினோம். அக்காவின் கணக்கிலேயே தேடினால் அவர் முன்பு தேடியவைதான் பரிந்துரையாக வந்து நிற்கும். தமிழ் எழுத்தில் ஒரு முறையும், ஆங்கில எழுத்தில் madi thottam என்று ஒரு முறையும், terrace garden என்று ஒரு முறையும் அடித்து, கீழே விரியும் பரிந்துரைகளை நோட்டில் எழுதிக்கொண்டோம். தமிழ் பேசுபவர்களில் கணிசமானோர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். madi என்றும் maadi என்றும் அடிக்கிறார்கள். தமிழ் எழுத்தில் தேடுபவர்களும் ஒற்று போடுவதில்லை; மாடி தோட்டம் என்று பிரித்தே அடிக்கிறார்கள்.

இரண்டாவதாக ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில் Traffic source என்பதைத் திறந்து, அதில் YouTube search என்பதைத் தொட்டு, எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று பார்த்தோம். புதிய சேனலில் இந்தப் பட்டியல் குட்டையாகவே இருக்கும். அக்காவுக்கும் அப்படித்தான், பத்துச் சொற்கள்கூடத் தேறவில்லை. ஆனால் அதில் இரண்டு, உப்புத் தண்ணீர் பற்றியவை.

மூன்றாவதாகச் செய்ததுதான் இந்த வேலையில் மிகவும் பயன் தந்தது. 31 வீடியோக்களுக்கும் கீழே வந்திருந்த கருத்துகள் எல்லாவற்றையும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து படித்தோம். நன்றி, அருமை என்பவற்றைத் தள்ளிவிட்டு, கேள்விகளை மட்டும் எழுதினோம். கொருக்குப்பேட்டையிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எழுதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தது ஒரே விஷயம்: "எங்க போர் தண்ணி உப்பு. இலை ஓரம் கருகுது. மெட்ரோ தண்ணிய செடிக்கு ஊத்த மனசு வரல. என்ன பண்றது?"

இதைப் படித்ததும் அக்கா எழுந்து மாடிக்குப் போய், செடி வளர்க்கும் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். பையின் வெளிப்புறத்தில் தையல் ஓடும் இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. மண்ணின் மேலும் அதே வெள்ளைப் படலம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தண்ணீர் ஆவியான பிறகு அப்படியே தங்கிவிடுகிறது. வெறும் தரையில் அது மழையில் இறங்கிப் போய்விடும். பைக்குள் இருப்பது எளிதில் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே வரும். அவர் வாரத்தில் ஒரு நாள், பையின் அடித் துளை வழியே தாராளமாக வடியும் வரை நல்ல தண்ணீரை ஊற்றி அந்த உப்பைக் கழுவி இறக்குகிறார். துணி துவைத்து அலசிய தண்ணீரை அதற்குப் பயன்படுத்துவதில்லை, சோப்பு இருக்கிறது. மண் கலவையில் தென்னை நார்க் கழிவைச் சேர்ப்பதற்கு முன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிகிறார், ஏனென்றால் அதிலேயே உப்பு இருக்கலாம். பீன்ஸ் உப்பைத் தாங்காது என்பதை இரண்டு முறை விதைத்துப் பட்டுப்போன பிறகு கற்றுக்கொண்டு விட்டுவிட்டார், பாலக்கீரை தாக்குப்பிடிக்கிறது.

இவ்வளவையும் அவர் நான்கு வீடியோக்களில் ஏற்கனவே காட்டியிருந்தார். ஆனால் அறிமுகப் பகுதியில் உப்பு என்ற சொல்லே இல்லை. கடலோரத்து வட சென்னைக்காரர் தன் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு, உலகத்துக்கே பொதுவான gardening என்ற சொல்லை எழுதி வைத்திருந்தார்கள். gardening என்ற சொல்லில் ஒரு புதிய சேனல் போட்டி போட்டு மேலே வரவே முடியாது. உப்புத் தண்ணீர் மாடித்தோட்டம் என்று தேடுபவர்கள் குறைவு. ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்பவர்களும் குறைவு.

எந்தச் சொல் உள்ளே, எந்தச் சொல் வெளியே

நோட்டில் சேர்ந்த சொற்களுக்கு ஒரே ஒரு தேர்வு வைத்தோம்: இந்தச் சொல்லைத் தேடி வருபவருக்குக் காட்ட, சேனலில் இன்றைக்குக் குறைந்தது மூன்று வீடியோக்கள் இருக்கின்றனவா? மூன்று என்பது எங்கும் எழுதப்பட்ட கணக்கு இல்லை, நானாக வைத்துக்கொண்டது. ஒரு வீடியோ இருந்தால் அது தற்செயல், மூன்று இருந்தால் அந்தச் சேனல் அதைப் பற்றித் தொடர்ந்து பேசுகிறது என்று நம்பலாம் என்பது என் அனுபவம்.

போன்சாய், ஹைட்ரோபோனிக்ஸ், சமையல் மூன்றும் உடனே போயின. இயற்கை விவசாயம் என்ற சொல்லை விட அக்காவுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதை ஏராளமானோர் தேடுகிறார்கள். ஆனால் அதைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்கள். மொட்டை மாடிப் பைகளைப் பார்த்ததும் திரும்பிப் போவார்கள். ரசாயனம் இல்லாத தோட்டம் என்று எழுதலாமா என்று அடுத்துக் கேட்டார். நான் பழைய வீடியோக்களைப் பார்த்திருந்தேன். ஆறாவது வீடியோவில் 19:19:19 உரத்தைத் தண்ணீரில் கரைத்து மிளகாய்ச் செடிக்கு ஊற்றியிருந்தார். இப்போது ஊற்றுவதில்லை, மண்புழு உரமும் மீன் அமிலமும்தான். இருந்தாலும் அந்த வீடியோ அங்கேயே இருக்கிறது. வீடியோவை நீக்குவதா, சொல்லை நீக்குவதா என்று பேசி, சொல்லை நீக்கினோம். அந்த வீடியோவில் மிளகாய் நன்றாகக் காய்த்ததையும் அவர் மறைக்காமல் காட்டியிருந்தார். அது அப்படியே இருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றியது.

மீன் அமிலம் என்ற சொல் உள்ளே வந்தது. காசிமேடு பக்கத்தில் இருப்பதால் மீன் கழிவு அவருக்கு எளிதில் கிடைக்கிறது. கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்து, மூன்று நான்கு வாரம் கழித்து வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி அளவில் கலந்து தெளிப்பதை ஐந்து வீடியோக்களில் காட்டியிருக்கிறார். ஆடிப்பட்டம் என்ற சொல்லை அறிமுகத்தில் சேர்க்கவில்லை, காரணம் அது பருவத்துக்கு உரியது. ஆடி முடிந்ததும் பழையதாகிவிடும். அது அந்தந்த வீடியோவின் தலைப்பில் இருப்பதே முறை. நாற்பது பைகளில் வளர்க்கிறேன் என்று முதல் வரைவில் எழுதியிருந்ததையும் பிறகு எடுத்துவிட்டோம், மாதந்தோறும் பைகள் கூடிக்கொண்டே இருந்தன.

எழுத்துப் பிழையாகத் தேடுபவர்களை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மாடி தோட்டம், மாடிதோட்டம், madi thottam, maadi thottam என்று எல்லாவற்றையும் அறிமுகத்திலேயே எழுதினால் அது மறுபடியும் பட்டியலாகிவிடும். அதற்கு வேறு இடம் இருக்கிறது. ஸ்டுடியோவில் Settings, அதற்குள் Channel, அதற்குள் Basic info என்று போனால் Keywords என்று ஒரு பெட்டி வரும். அது பார்வையாளர் கண்ணில் படாது. 500 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். அதன் பலன் சிறியதுதான். ஆனாலும் மாற்று எழுத்துகளுக்கு அதுவே பொருத்தமான இடம். நாங்கள் இட்டது இவ்வளவே:

```
மாடித்தோட்டம், மாடி தோட்டம், madi thottam,
maadi thottam, terrace garden tamil,
chennai terrace garden, உப்பு தண்ணீர் செடி
```

வரைவுகளும் நடுவில் நேர்ந்த தவறும்

முதல் வரைவை அக்காவே எழுதினார். "வணக்கம் நண்பர்களே, இயற்கையை நேசிக்கும் உங்களுக்காக" என்று அது தொடங்கியது. அதில் எந்தத் தவறும் இல்லை; ஆனால் தமிழ்த் தோட்டச் சேனல்கள் பலவும் அப்படித்தான் தொடங்குகின்றன, எந்த ஊர், எந்தத் தண்ணீர், எந்தச் செடி என்பது அரை வரிக்குள் வரவில்லை. இரண்டாவது வரைவில் நான் தேடுசொற்களை வாக்கியங்களுக்குள் கொண்டு வந்தேன். மாடித்தோட்டம் என்ற சொல் ஐந்து இடத்தில் வந்துவிட்டது. சத்தம் போட்டுப் படித்தபோது அக்காவின் மகளே சிரித்துவிட்டாள். வாயால் பேசும்போது ஒருவர் எத்தனை முறை அந்தச் சொல்லைச் சொல்வாரோ அத்தனை முறை எழுதினால் போதும் என்று முடிவு செய்து, இரண்டாகக் குறைத்தோம். மூன்றாவது வரைவுதான் நின்றது:

"வட சென்னை மொட்டை மாடியில், உப்புத் தண்ணீரை வைத்தே காய்கறியும் கீரையும் வளர்க்கும் மாடித்தோட்டம்.

தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டு மாடியில் கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், பாலக்கீரை, மணத்தக்காளி வளர்க்கிறேன். விதை போடுவதிலிருந்து காய் பறிப்பது வரை என் மாடியில் நடந்ததை மட்டும் காட்டுகிறேன். செடி பட்டுப்போனால் அதையும் காட்டுகிறேன்.

உப்பு பூத்த பையைக் கழுவுவது, மண் கலவை தயாரிப்பது, மீன் அமிலம் போடுவது, மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பது, இவற்றைப் புதிதாக மாடித்தோட்டம் தொடங்குபவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்.

புதிய வீடியோ ஞாயிறு காலை 7 மணிக்கு.

Madi thottam videos in Tamil: terrace vegetable gardening for beginners in Chennai with salty borewell water."

கடைசியில் ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு வரி, அதுவும் பட்டியலாக இல்லாமல் வாக்கியமாக. ஆங்கில எழுத்தில் தேடுபவர்களுக்காக அது. எல்லாம் சேர்ந்து 1000 எழுத்துக்குறிக்குள் அடங்கிவிட்டது.

தவறு நான் செய்தது. ஸ்டுடியோவில் Customization, அதில் Profile என்ற இடத்தில் Description பெட்டிக்குக் கீழே Add language என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் அறிமுகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தனியாக ஏற்றலாம். முழு ஆங்கில வடிவம் ஒன்றை எழுதி ஏற்றினேன். இரண்டு மொழியிலும் வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அக்கா அழைத்து, "தம்பி, பக்கத்து வீட்டு அக்கா போன்ல தமிழ் வரல, இங்கிலீஷ்ல வருது" என்றார். அந்த வசதி, பார்ப்பவரின் மொழி அமைப்புக்கு ஏற்ற வடிவத்தைக் காட்டுகிறது. நம் பக்கத்தில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள்கூடப் போனை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் வைத்துக் கொடுத்தபடியே இருக்கும். எனவே யாருக்காகத் தமிழில் எழுதினோமோ, அவர்கள் கண்ணிலிருந்து அது மறைந்துவிட்டது. என் கணினியும் அக்காவின் போனும் தமிழில் இருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஆங்கில வடிவத்தை அன்றே நீக்கினோம். இந்த வசதியைப் பயன்படுத்துபவர்கள், மொழி அமைப்பை மாற்றிய ஒரு போனில் கட்டாயம் பார்த்துவிட வேண்டும்.

பிறகு பார்த்தவை

அறிமுகம் மாறிய பிறகு அதைச் சோதிக்க இரண்டு வழிகள் வைத்துக்கொண்டோம். தேடல் பெட்டியில் சொல்லை அடித்து, வடிகட்டியில் Type என்பதன் கீழ் Channel என்று தேர்ந்தால் சேனல்கள் மட்டும் வரும். சில வாரம் கழித்து, இன்காக்னிட்டோவில் வட சென்னை மாடித்தோட்டம் என்று அடித்தபோது அக்காவின் சேனல் முதல் திரையிலேயே தெரிந்தது. மாடித்தோட்டம் என்று மட்டும் அடித்தால் எவ்வளவு உருட்டினாலும் வரவில்லை. நான் எதிர்பார்த்ததும் அதுதான். இந்த முன்னேற்றத்துக்கு அறிமுகப் பகுதி எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அதே வாரத்தில் உப்பு பற்றிய நான்கு வீடியோக்களின் தலைப்புகளையும் திருத்தி, அவற்றை ஒரு பிளேலிஸ்டாகக் கட்டியிருந்தோம்.

மற்றொரு சோதனை மனிதர்களைக் கொண்டு செய்தது. தோட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத, அதே தெருவில் இருக்கும் மூன்று பேரிடம் முதல் வரியை மட்டும் காட்டி, இந்தச் சேனலில் என்ன வீடியோ இருக்கும் என்று கேட்டோம். இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். மூன்றாமவரான ஒரு பெரியவர், "உப்புத் தண்ணில செடி வளரும்னு சொல்றாங்களா? கடல் தண்ணியா?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயமே. உப்புத் தண்ணீர் என்று மொட்டையாக எழுதினால் கடல் தண்ணீர் என்றும் படலாம். எனவே முதல் வரியில் போர் தண்ணீர் என்ற சொல்லைச் சேர்த்து, "உப்பான போர் தண்ணீரை வைத்தே" என்று மாற்றினோம். கருத்துகளில் மக்கள் எழுதியிருந்ததும் போர் தண்ணி என்றுதான். தேடுசொல்லும் ஆயிற்று, தெளிவும் ஆயிற்று.

சேனலின் முகப்பில் முதல் இணைப்பு ஒன்று மட்டும் வெளிப்படையாகத் தெரியும் என்பதால், அந்த இடத்தில் உப்பு பற்றிய பிளேலிஸ்டை வைத்தோம். அக்கா முதலில் தன் தையல் கடைப் பக்கத்தை வைத்திருந்தார். அது இப்போது இரண்டாவதாக இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் மாடியில் விழும் தண்ணீரை டிரம்மில் பிடித்து, அதைக் கொண்டு பைகளின் உப்பைக் கழுவும் வீடியோக்களை எடுக்கப்போவதாக அக்கா சொல்லியிருக்கிறார். மழைநீர் என்ற சொல்லை இப்போதே அறிமுகத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார். மூன்று வீடியோ ஏறட்டும் அக்கா, அப்புறம் சேர்க்கலாம் என்றேன். அந்தச் சொல்லுக்கான இடத்தை, மாவுப்பூச்சி வரியிலிருந்து எடுத்துக்கொள்வதாக முடிவு செய்திருக்கிறோம்.